பழைய ரெவிஷன் அளவில் வந்த புஷ்: சப்ளையருக்கு எழுதிய மெயில்

ஸ்பேசர் புஷ்ஷின் நீளம் டிராயிங்கின் பழைய ரெவிஷனான பி-யில் 42.0 மி.மீ., சி-யில் 42.5, டாலரன்ஸ் ±0.05. சப்ளையருக்குக் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரான பி.ஓ.வில் ரெவிஷன் சி என்றே இருந்தது. வந்த சரக்கில் ஐந்து புஷ்களை மைக்ரோமீட்டரில் அளந்தேன்: எல்லாம் 41.98 முதல் 42.02 வரை. டூல் தேய்ந்திருந்தால் இப்படிப் பழைய அளவையே சுற்றி நிற்காது.

"நீளம் குறைவு" என்று மட்டும் எழுதினால் மெஷினில் ஆஃப்செட்டை மாற்றிவிடுவார்கள். பழைய டிராயிங் ஷாப்பிலேயே இருக்கும். சி-யில் மாறிய சேம்ஃபரும், அதாவது விளிம்பில் வெட்டும் சரிவும், விட்டுப்போகும். அதனால் இப்படி எழுதினேன்:

"வணக்கம் சார். பி.ஓ.வில் கேட்டது ரெவிஷன் சி, நீளம் 42.5. வந்த புஷ்கள் ரெவிஷன் பி-யின் 42.0 அளவோடு ஒத்துப்போகின்றன. அளவுப் பட்டியலும் இரண்டு டிராயிங்கின் அந்தப் பகுதியும் இணைப்பில். எந்த ரெவிஷனில் ஓட்டினீர்கள் என்று ஜாப் கார்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் லாட்டை நிறுத்தி வையுங்கள்."

ஜாப் கார்டில் பி-தான் இருந்தது. நீளம் குறைந்த புஷ்ஷை ரீவொர்க் செய்ய வழியில்லை, முழு லாட்டும் ரிஜெக்ட். மாற்றுச் சரக்கின் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ரெவிஷன் எழுத்தைக் கட்டாயம் கேட்டு வாங்கினேன். சேம்ஃபரையும் அளந்த பிறகே ஏற்றேன்.