முட்டை நீரில் கிடக்கிறதா, நிற்கிறதா, மிதக்கிறதா: சோதிப்பதும் சேமிப்பதும்

ஈரச்சந்தையில் முப்பது முட்டைத் தட்டு ஒன்றை வாங்கி வைத்தால், கடைசி ஏழெட்டு முட்டைகளுக்கு வரும்போது எப்போது வாங்கினோம் என்பதே மறந்துவிடும். தட்டில் தேதி இருக்காது. ஓட்டின் மேல் அச்சிட்ட குறியீட்டை வைத்து எந்தப் பண்ணை என்று அடையாளம் காணலாமே ஒழிய, உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்போது உதவுவது ஒரு பாத்திரம் தண்ணீர். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரியாமல் செய்தால் நல்ல முட்டையைக் குப்பையில் போடவும் நேரும், கெட்டதை நம்பவும் நேரும்.

தண்ணீர் எதை அளக்கிறது

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. அந்தக் காற்று அகன்ற முனையில் உள்ள காற்றறையில் சேர்கிறது. முட்டையின் உருவம் மாறாது, எடை மட்டும் குறையும்.

60 கிராம் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 55 மில்லிலிட்டர். அவ்வளவு தண்ணீரின் எடை 55 கிராம். ஆகவே புது முட்டை தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். மிதக்க வேண்டுமானால் 5 கிராம் ஈரத்தையாவது அது இழந்திருக்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். வாங்கி நான்கு நாளில் ஒரு முட்டை மிதந்தால், அது கடையிலேயே வெகுநாள் இருந்திருக்கலாம், அல்லது ஓட்டில் விரிசல் இருக்கலாம்.

சோதிக்கும் முறை

அன்றைக்குச் சமைக்கப்போகும் முட்டைகளை மட்டும் எடுங்கள். காரணம் கீழே வருகிறது.

1. உயரமான கண்ணாடி ஜாடி அல்லது பாத்திரத்தில் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். முட்டை நிமிர்ந்து நின்றாலும் அதன் மேல் தண்ணீர் இருக்கவேண்டும். ஆழமில்லாத கிண்ணத்தில் நிற்பதும் மிதப்பதும் ஒன்றுபோலவே தெரியும்.

2. உப்புச் சேர்க்காதீர்கள். தேவையான அளவு உப்புக் கரைத்தால் இன்று இட்ட முட்டையும் மிதந்துவிடும்.

3. முட்டையைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்குங்கள். மேலிருந்து போட்டால் அடியில் மோதி விரிசல் விடும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஓட்டில் ஒட்டும் காற்றுக்குமிழ்களை விரலால் தள்ளிவிட்டு, அசைவு நிற்கும்வரை பத்து விநாடி காத்திருங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழ்கள் வரிசையாக வந்தால் அங்கே விரிசல் இருக்கிறது, அதை ஒதுக்குங்கள்.

4. நிலையைப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதியது. அகன்ற முனை சற்றுத் தூக்கியிருந்தால் கொஞ்சம் நாளானது, ஆனாலும் நல்லதே. கூர்முனை அடியில் ஊன்றி நேராக நின்றால் பழையது. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மிதந்தால் மிகப் பழையது.

மிதக்கும் முட்டையை எறிந்துவிடலாம், இழப்பு சில காசுதான். நிற்கும் முட்டையைத்தான் அவசரப்பட்டு எறியக்கூடாது. அதைத் தனிக் கிண்ணத்தில் உடையுங்கள், கடாயில் நேராக வேண்டாம். அழுகிய நாற்றம் இருந்தால் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாற்றமில்லை, வெள்ளைக்கரு நீர்த்துப் பரவுகிறது, மஞ்சள்கரு தட்டையாக இருக்கிறது என்றால் அது வயதின் அடையாளம், கெட்டதன் அடையாளமல்ல. முழுதாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

சிங்கப்பூரில் இந்தச் சோதனை ஏமாற்றும் இடம்

முட்டையை வயதாக்குவது இரண்டு வேலைகள். ஒன்று, ஈரம் ஆவியாவது. மற்றது, கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கரு நீர்த்துப்போவது. இரண்டாவதை வெப்பம் வேகப்படுத்துகிறது. நம்மூரில் 30 பாகை வெப்பத்தோடு காற்றில் ஈரப்பதமும் மிகுதி, அதனால் ஆவியாதல் சற்று மெதுவாகவே நடக்கும். சமையல் மேடையில் மூன்று வாரம் கிடந்த முட்டையின் எடை அதிகம் குறைந்திருக்காது, தண்ணீரில் லேசாகத்தான் தூக்கும். உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். அதாவது, வெளியே வைத்த முட்டை விஷயத்தில் தண்ணீர் சொல்வதைவிட முட்டை வயதானது என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு எல்லையும் உண்டு. சால்மொனெல்லா கிருமி இருப்பதை இந்தச் சோதனையால் அறியவே முடியாது. நேற்று இட்ட முட்டையிலும் அது இருக்கலாம். காயா ரொட்டியோடு அரைவேக்காட்டு முட்டை கேட்கும் தாத்தா பாட்டிக்கும், சிறு பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் "அடியில் படுத்துக் கிடந்தது, கவலையில்லை" என்று கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்குக் கரு இரண்டும் கெட்டியாகும்வரை வேகட்டும், அல்லது பாஸ்டரைஸ் செய்த முட்டையை வாங்குங்கள்.

எட்டு முட்டையை எப்படிப் பிரிப்பது

ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருந்த தட்டில் எட்டு மிச்சம், இன்று எட்டையும் சமைத்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு படுத்துக் கிடக்கின்றன, ஐந்து தூக்கியிருக்கின்றன, ஒன்று நிற்கிறது. படுத்தவை ஆஃப்பாயிலுக்கு, கரு குவிந்து நிற்கும். தூக்கிய ஐந்தையும் அவித்து முட்டைக்குழம்பில் போடுங்கள். புது முட்டையின் ஓடு வெள்ளைக்கருவைப் பிய்த்துக்கொண்டு வரும், நாளான முட்டை சுத்தமாக உரியும். நின்ற ஒன்றைக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, பொரியலில் சேருங்கள்.

சோதிக்காமல் இருப்பவற்றை வைப்பது

ஓட்டின் மேல் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று துளைகளை மூடியிருக்கிறது. நனைத்துத் தேய்த்தால் அது போய்விடும். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, வெளி அழுக்கை ஈரத்தோடு உள்ளிழுக்கும். சோதித்த முட்டையைத் துடைத்துத் திரும்ப வைக்காமல் அன்றே சமைக்கச் சொல்வது இதனால்தான். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த காகிதத்தால் துடைத்தால் போதும்.

தட்டோடோ பெட்டியோடோ ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், 4 பாகைக்குக் கீழே இருக்கட்டும். கதவில் முட்டைக்கென்றே குழி செய்து கொடுத்திருப்பார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பக்காற்று முதலில் படுவது அங்கேதான், அதில் வேறு ஏதாவது வையுங்கள். கூர்முனை கீழே இருக்கட்டும். அப்போது காற்றறை மேலே நிற்கும், மஞ்சள்கரு நடுவில் இருக்கும். மூடியுள்ள பெட்டி இன்னும் நல்லது. டுரியான், பெலாச்சான் வாடையைத் துளைகள் வழியே முட்டை இழுத்துக்கொள்ளும்.

வாங்கிய தேதியைத் தட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, முழுத்தட்டையும் வெளியே எடுத்து மேடையில் வைத்துச் சமைத்துவிட்டு மீதியை உள்ளே தள்ளுவது. குளிர்ந்த ஓடு நம்மூர் ஈரக்காற்றில் சில நிமிடங்களில் வியர்த்துவிடும். அந்த நீர்த்துளிகள் ஓட்டிலுள்ள கிருமிகள் பெருகவும் துளைக்குள் நுழையவும் வழிசெய்யும். வேண்டிய எண்ணிக்கையை மட்டும் எடுத்துக் கதவை மூடுங்கள். எடுத்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால், அதை மறுபடி உள்ளே வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அவித்த முட்டைக்கும் அதே இரண்டு மணி நேரம்தான். ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.