தாய் A, பிள்ளை A, அவர் B: தந்தை இல்லை என்று எழுதலாமா?

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். தாயின் குருதி வகை A, பிள்ளையும் A. தந்தை என்று சொல்லப்படுபவர் B. அவர் தந்தையாக இருக்க முடியுமா? "முடியாது, பிள்ளையிடம் B இல்லையே" என்றுதான் பலர் எழுதுவார்கள். அந்த விடை பிழை.

ABO பரம்பரையலகுக்கு Iᴬ, Iᴮ, i என்று மூன்று எதிருருக்கள் உண்டு. அந்த மூன்றும் ஊர் முழுவதிலும் பரவிக் கிடப்பவை. 9ஆம் நிறமூர்த்தச் சோடியில் ஒரு ஆளுக்கு இடம் இரண்டுதான், ஆகவே எதிருருவும் இரண்டுதான். Iᴬ, Iᴮ இரண்டும் i மேல் ஆட்சியானவை, தங்களுக்குள் இணையாட்சியானவை. அதனால் B என்று அட்டையில் இருக்கும் ஒருவர் IᴮIᴮ ஆகவும் இருக்கலாம், Iᴮi ஆகவும் இருக்கலாம். அட்டையைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. நமது கணக்கில் அவர் Iᴮi என்றால் i யைக் கொடுத்திருப்பார், தாய் Iᴬ கொடுத்திருப்பார், பிள்ளை Iᴬi. ஒரு முரணும் இல்லை. உண்மையில் தாயும் பிள்ளையும் A ஆக இருந்தால், நான்கு வகையில் எந்த ஆணையும் விலக்க முடியாது.

இந்தத் தவறு ஏன் வருகிறது என்றால், பிள்ளைகள் ஆணிடமிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். தாயிலும் பிள்ளையிலும் தொடங்க வேண்டும். தாய் கொடுத்திருக்கக் கூடியதைக் கழியுங்கள். மீதியைத் தந்தைதான் தந்திருக்க வேண்டும். அதை வைத்திருக்கவே முடியாத குருதி வகை எதுவோ, அதை மட்டும் விலக்குங்கள்.

தாய் A, பிள்ளை B என்று எடுங்கள். தாயிடம் Iᴮ இல்லை, ஆகவே அது தந்தையிடமிருந்துதான் வந்தது. Iᴮ இல்லாத A, O இரண்டும் விலகும். சார்லி சாப்ளின் மீதான தந்தைமை வழக்கு இதே கணக்குத்தான்: தாய் A, குழந்தை B, சாப்ளின் O. சோதனை அவரை விலக்கியது. ஆனால் 1945இல் கலிபோர்னியாவில் ஜூரிகள் அவரையே தந்தை என்று தீர்மானித்தார்கள்.

தாய் A, பிள்ளை O என்றால் தந்தை i கொடுத்திருக்க வேண்டும், AB மட்டுமே விலகும். A, B, O ஆண்கள் எல்லோரும் மிஞ்சுகிறார்கள். மிஞ்சியவரைத் "தந்தை என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுவது இரண்டாவது பெருந்தவறு. அதே குருதி வகை நிலாவெளியில், கிண்ணியாவில், மூதூரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். "விலக்க முடியவில்லை" என்பதுதான் முழு விடை.

முதல் கணக்குக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அந்த B ஆணின் தாயும் தந்தையும் AB என்று தெரிய வருகிறது என்போம். AB பெற்றோரிடம் i இல்லை. அவர்களுக்குப் பிறந்த B மகன் IᴮIᴮ ஆகத்தான் இருக்க முடியும். அவர் தன் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் Iᴮ கொடுத்தே ஆக வேண்டும், பிள்ளை B அல்லது AB ஆகும். நமது பிள்ளையோ A. இப்போது அவர் விலகுகிறார். வினாத்தாளில் பாட்டன், பாட்டியின் வகை கொடுத்திருந்தால் அது இதற்காகத்தான், விட்டுவிடாதீர்கள்.

பரீட்சைக்கு இவ்வளவும் போதும். வீட்டில் இரத்ததான அட்டைகளை ஒப்பிட்டு மனைவியைச் சந்தேகிப்பவர்களுக்கு இது போதாது, அவர்களை நினைத்துத்தான் மீதியை எழுதுகிறேன். A, B சர்க்கரைகள் H என்ற அடிப்பொருளின் மேல்தான் ஒட்டும். மிக அரிதாகச் சிலருக்கு H உருவாவதே இல்லை. 1952இல் பம்பாயில் முதலில் விவரிக்கப்பட்டதால் இதைப் பம்பாய் வகை என்பார்கள். அப்படிப்பட்டவரிடம் Iᴮ இருந்தாலும் சாதாரணச் சோதனை O என்றே காட்டும். அவருக்கும் O துணைக்கும் B பிள்ளை பிறக்கலாம். எதிர் H கொண்டு சோதித்தால் வெளிப்படும்: சாதாரண O செல்கள் திரளும், இவருடையவை திரளாது. Iᴬ, Iᴮ இரண்டின் வேலையையும் ஒரே நிறமூர்த்தம் செய்யும் அரிய சிஸ் AB வகையும் உண்டு. அவருக்கு O பிள்ளை பிறக்கலாம்.

இவற்றைவிட அடிக்கடி நடக்கக் கூடியது சோதனைப் பிழை. பிறந்த குழந்தையின் செங்கலங்களில் A, B இரண்டும் பலவீனமாகவே இருக்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் நீர்ப்பாயத்தை வைத்து முடிவைச் சரிபார்க்கவும் முடியாது, ஏனென்றால் குழந்தையின் சொந்தப் பிறபொருளெதிரிகள் 3 முதல் 6 மாதங்களில்தான் தோன்றத் தொடங்கும். அதற்கு முன் இருப்பவை தாயிடமிருந்து வந்தவை. அண்மையில் குருதி ஏற்றப்பட்டவரின் முடிவும் குழம்பும். ஆகவே அட்டைகள் முரண்பட்டால் முதலில் மூவருக்கும் புதிதாக மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அதன் பிறகும் முரண் நின்றால் டி.என்.ஏ. சோதனைதான் அதைத் தீர்க்கும்.