பிரேம் சாய்வு, வளைவு: கண்ணாடிக் கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிக் கடையில் வேலை பழக வருகிற பிள்ளைகள் திருகாணியைத் தொலைப்பார்கள், லென்ஸில் விரல் ரேகை பதிப்பார்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் தானாகத் திருந்திவிடும். கூடிய பவரும், தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவும் பிரேமின் சிறு அசைவுக்குக்கூட வேறு கண்ணாடிபோல ஆகிவிடும் என்பது மட்டும் பலருக்கு இலகுவில் மனதில் ஏறுவதில்லை. இங்கே ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லென்ஸ் கொழும்பிலிருந்து வர வேண்டும். பிழைத்தால் வாடிக்கையாளர் மறுபடியும் மலையேறி பஸ்ஸில் வர வேண்டும்.

இரண்டு சொற்களை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். லென்ஸின் கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி உள்ளே வருவது சாய்வு. பிரேமின் முன்பக்கம் மூக்கிலிருந்து இரு பொட்டுகளை நோக்கிச் சுற்றிப் போவது வளைவு.

அளந்த பிறகு பிரேமைத் திருத்துவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பெட்டியிலிருந்து எடுத்த பிரேமை அப்படியே முகத்தில் வைத்து, டெமோ லென்ஸில் கண்மணிக்கு நேரே பேனாவால் புள்ளியிட்டு, லென்ஸின் கீழ் விளிம்பிலிருந்து அதன் உயரத்தை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மூக்குத் தாங்கியை நெருக்குவதும் காதில் மாட்டும் கையை வளைப்பதும் லென்ஸ் வந்த பிறகுதான். அளந்த நேரத்தில் பிரேம் இருந்த இடம் வேறு, இருக்கப்போகும் இடம் வேறு.

தலவாக்கலைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரு கண்ணிலும் -7.00, வாசிக்க +2.00 கூடுதல். புது பிரேமின் தாங்கிகள் அகலமாக இருந்தன. பிரேம் மூக்கில் தாழ்ந்து நின்றது. அப்படி நின்ற பிரேமிலேயே வேலை பழகுகிற தம்பி 22 மில்லிமீற்றர் என்று உயரம் எழுதினான். லென்ஸ் வந்ததும் பிரேம் வழுக்குவதைப் பார்த்துத் தாங்கிகளை நெருக்கினான். பிரேம் 3 மில்லிமீற்றர் மேலே ஏறியது. இன்னும் இறுக்கமாக நிற்கட்டும் என்று கைகளைப் பிணைச்சலில் கீழ்நோக்கி வளைத்தான். சாய்வும் கூடிவிட்டது.

ஒரு வாரத்தில் ஆசிரியர் திரும்பி வந்தார். “சேர், பின் வாங்கில் இருக்கிற பிள்ளையின் முகம் மங்கலாகத் தெரிகிறது. நாடியைத் தாழ்த்தினால்தான் தெளிகிறது” என்றார். அந்த ஒரு வசனத்திலேயே காரணம் இருக்கிறது. தூரம் பார்க்க நாடியைத் தாழ்த்துகிறவருக்கு லென்ஸின் தூரப் பகுதி கண்ணுக்கு மேலே போய்விட்டது. நேரே பார்க்கும்போது வாசிப்புப் பவர் தொடங்கும் இடம் கண்முன் நிற்கிறது. வாசிக்க நாடியை உயர்த்துகிறவருக்கு நேர்மாறாக, லென்ஸ் தாழ்ந்து நிற்கிறது.

ஊகத்தோடு நிற்கக் கூடாது, பார்த்து உறுதி செய்ய வேண்டும். புரோகிரசிவ் லென்ஸ் ஒவ்வொன்றிலும் 34 மில்லிமீற்றர் இடைவெளியில் அழியாத இரண்டு நுண்ணிய குறிகள் செதுக்கப்பட்டிருக்கும். லென்ஸில் வாயால் ஊதுங்கள். மலைநாட்டுக் குளிரில் ஆவி சற்று நேரம் நிற்கும், குறிகள் தெரியும். அவற்றைப் புள்ளியிட்டு, கம்பனியின் வரைபடத்தாளில் வைத்து, கண்மணிக்கு நேரே வர வேண்டிய சிலுவைக் குறியைத் திரும்ப வரையுங்கள். ஆசிரியருக்கு அணிவித்துப் பார்த்தபோது சிலுவை கண்மணிக்கு 3 மில்லிமீற்றர் மேலே நின்றது.

தாங்கியை மறுபடி விரித்தால் தூரம் தெளியும். ஆனால் குனிந்தவுடன் பிரேம் வழுக்கும். நாள் முழுக்கக் குனிந்து கொப்பி திருத்துகிறவருக்கு அது தீர்வு இல்லை. பிரேமை முதலில் முகத்துக்குப் பொருத்தி, புதிதாக அளந்தபோது உயரம் 19 வந்தது. அந்த உயரத்துக்குள் வாசிப்புப் பகுதி அடங்கும் குறுகிய வகை லென்ஸைத் திரும்பச் செய்வித்தோம். செலவு கடைக்கு.

ஆகவே வரிசை இதுதான்: மூக்குத் தாங்கி, பிறகு சாய்வு, பிறகு வளைவு, பிறகு காதுக்குப் பின்னால் கையின் மடிப்பு. எல்லாம் முடிந்து, அவர் எழுந்து நடந்து, திரும்ப வந்து அமர்ந்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். காலையில் கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்து, அதன்மேல் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் குல்லாவோடும் பாருங்கள். குல்லா கையின் பின்பகுதியை உயர்த்தும், சாய்வு கூடும்.

சாய்வு கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. சாதாரண ஒற்றைப் பவர் -7.00 லென்ஸை, அதன் மையத்தைத் தாழ்த்தாமல் 15 பாகை சாய்த்தால், கண்ணுக்கு அது ஏறத்தாழ -7.16 ஆகவும், கூடவே 180 அச்சில் அரை பவர் சிலிண்டராகவும், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடும் பவராகவும், வேலை செய்யும். 5 பாகையில் அந்தச் சிலிண்டர் வெறும் 0.05தான். பாகை மூன்று மடங்கானால் கோளாறு பத்து மடங்காகிறது. அதனால்தான் ஒவ்வொரு 2 பாகைச் சாய்வுக்கும் லென்ஸின் மையத்தை 1 மில்லிமீற்றர் தாழ்த்துவது வழக்கம். பவர் -1.00 உள்ளவருக்கு இது எதுவும் உறைக்காது. கூடிய பவர்காரருக்கு உறைக்கும்.

புரோகிரசிவில் அந்தத் தாழ்த்தல் லென்ஸ் வடிவமைப்பிலேயே இருக்கும். சிலுவைக் குறியை மட்டும் கண்மணிக்கு நேரே வையுங்கள். அளந்த உயரத்தை நீங்களாக இன்னும் தாழ்த்த வேண்டாம்.

நின்றுகொண்டு அளப்பது

கூடாது. உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆவி படிகிறது என்றதும் சாய்வை நிமிர்த்துவது

பனி மூட்டத்தில் இருந்து கடைக்குள் வந்தால் லென்ஸ் மங்கும். தேநீர்க் கோப்பைக்கு மேல் குனிந்தாலும் மங்கும். “கொஞ்சம் தள்ளி வையுங்கள்” என்று கேட்பார்கள். பழகுகிற பிள்ளை உடனே கீழ் விளிம்பை வெளியே இழுத்துவிடுகிறது. வாசிக்கும் பகுதி கண்ணிலிருந்து விலகுகிறது. சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் அகலம் சுருங்கிவிடும், வரி முடிவதற்குள் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். முழுப் பிரேமையும் தள்ளினாலும் விலை உண்டு: -7.00 லென்ஸை 4 மில்லிமீற்றர் முன்னே நகர்த்தினால் கிட்டத்தட்ட 0.20 பவர் குறைந்துபோகும்.

சிரிக்கும்போது கன்னத்தில் முட்டாத அளவுக்கு, ஏறத்தாழ 8 முதல் 12 பாகை சாய்வு, பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். இமை மயிர் தட்டாமல் லென்ஸ் எவ்வளவு கிட்ட நிற்க முடியுமோ அவ்வளவு கிட்ட நிற்கட்டும். ஆவிக்கு ஆவி தடுக்கும் துணியைக் கொடுங்கள், சாய்வைத் தொடாதீர்கள்.

சுற்றிய பிரேமில் கூடிய பவர்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காற்றுக்கு மறைவாக, பொட்டு வரை சுற்றிய பிரேம் கேட்கிறார்கள். -5.00 லென்ஸை 20 பாகை சுற்றினால், ஈடு செய்யாத நிலையில், 90 அச்சில் ஏறத்தாழ 0.70 சிலிண்டர் முளைக்கும். போட்டவர் தரை சாய்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்பார். அப்படிப்பட்ட பிரேமுக்கு சாய்வு, வளைவு, கண்ணிலிருந்து லென்ஸுக்குள்ள தூரம் மூன்றையும் அளந்து எழுதினால், அந்த நிலைக்கு ஈடு செய்த லென்ஸ் வரும். அதன் உறையில் சீட்டுப் பவரோடு, மாறிய பவரும் இருக்கும். லென்ஸ் மீற்றரில் சீட்டுப் பவர் வரவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். உறையில் எழுதிய மாறிய பவரோடு ஒப்பிடுங்கள். அந்த லென்ஸ் போட்ட பிரேமை விரித்துத் தட்டையாக்கினால், செய்த ஈடு முழுவதும் பிழையாகிவிடும்.

சாதாரணக் கண்ணாடியில் முன்பக்கம் எவ்வளவு வளைய வேண்டும் என்பதைக் கண்களின் இடைவெளி சொல்லும். பிரேமின் லென்ஸ் அகலத்தையும் மூக்குப் பாலத்தையும் கூட்டினால் வருவதைவிட அது குறைவானால் சிறிது வளைவு வேண்டும். இரண்டும் சமமானால் வளைவே தேவையில்லை.

ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நிற்பது

கண்ணாடியைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள். ஆடினால் கைகள் ஒரே தளத்தில் இல்லை.

லென்ஸோடு சூடாக்குவது

குளிர் காலையில் பிளாஸ்டிக் பிரேம் விறைத்திருக்கும். சூடில்லாமல் வளைத்தால் பாலத்தில் வெடிக்கும். லென்ஸோடு அதிக சூடு காட்டினால் மேற்பூச்சு சிலந்தி வலைபோல் விரியும். லென்ஸைக் கழற்றிவிட்டுச் சூடாக்குங்கள்.