மார்ச் 31 சரக்கிருப்பு: ஃபிஃபோவா, எடையிட்ட சராசரியா?

ஆண்டு முடிவில் விற்காமல் நிற்கும் சரக்குக்கு மதிப்புப் போடும் இரண்டு முறைகள் இவை. ஓர் எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். சரக்கு ஒன்றே ஒன்று, 15 கிலோ டின். ஏப்ரல் 1 அன்று கையில் 20 டின், ஒரு டின் விலை 1,800 ரூபாய். ஜூலையில் 50 டின் 1,900க்கும், ஜனவரியில் 30 டின் 2,100க்கும் வாங்கினார்கள். ஆக 100 டின், 1,94,000 ரூபாய். விலையில் ஏற்றுக்கூலி, வண்டி வாடகை சேர்ந்திருக்க வேண்டும். கிரெடிட் எடுத்த ஜிஎஸ்டி சேரக் கூடாது.

முதலில் எக்செல் ஷீட்டில் இந்த மூன்று வரிகளையும் 2, 3, 4ஆம் வரிசைகளில் தேதி வாரியாகப் போடுங்கள். A-யில் தேதி, B-யில் டின், C-யில் விலை, D-யில் தொகை. B5, D5 இரண்டிலும் கூட்டுத்தொகை.

அடுத்து, மார்ச் 31 மாலை குடோனில் நின்று எண்ணுங்கள். 40 டின் இருக்கிறது என்றால் B7-ல் 40. பில் புத்தகத்திலிருந்து கழித்து எடுத்த எண்ணைப் போட்டால், உடைந்ததும் ஒழுகியதும் இருப்பாகவே நின்றுவிடும்.

இப்போது ஃபிஃபோ. பலர் தடுமாறுவது இங்கேதான். 'முதலில் வந்தது முதலில் போகும்' என்பது விற்ற சரக்கைப் பற்றிய பேச்சு. பழையது போய்விட்டதால் மீதி நிற்பது புதியது. அதனால் கடைசி பில்லிலிருந்து மேல்நோக்கி எண்ண வேண்டும்: ஜனவரி 30 டின் 63,000, ஜூலையில் 10 டின் 19,000, மொத்தம் 82,000.

```
=MIN(B7,B4)*C4+MIN(MAX(B7-B4,0),B3)*C3+MIN(MAX(B7-B4-B3,0),B2)*C2
```

அப்புறம் எடையிட்ட சராசரி. 1,94,000-ஐ 100-ஆல் வகுத்தால் டின் 1,940. 40 டின்னுக்கு 77,600.

```
=B7*D5/B5
```

மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1,933 வரும். அது தவறு, 50 டின் வாங்கிய விலைக்கும் 20 டின் விலைக்கும் அதில் ஒரே கனம்.

சரி, லாபத்தில் என்ன ஆகிறது? விற்ற 60 டின்னுக்கு 1,32,000 வந்தது என்று வையுங்கள். ஃபிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கம் 1,12,000, மொத்த லாபம் 20,000. சராசரியில் அடக்கம் 1,16,400, லாபம் 15,600. விற்பனையும் சரக்கும் ஒன்றுதான். இருப்பு மதிப்பில் வந்த 4,400 வித்தியாசம் அப்படியே லாபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. விலை ஏறும் ஆண்டில் ஃபிஃபோ லாபத்தைக் கூட்டிக் காட்டும், இறங்கும் ஆண்டில் குறைத்துக் காட்டும். இந்த 40 டின் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு என்பதால், அவை விற்கும்போது அதே 4,400 அங்கே கழிந்துவிடும். வரி மிச்சம் என்று நினைத்து ஆண்டுக்கு ஒரு முறையாக மாற்றாதீர்கள். தக்க காரணம் இல்லாமல் மாற்றினால் கணக்கு ஆய்வில் கேள்வி வரும். என் கருத்தில், பழைய டின்னையும் புதிய டின்னையும் கலந்து அடுக்கும் கடைக்குச் சராசரியே பொருந்தும்.

கடைசியாக ஒரு சோதனை. செலவு போக டின் 1,900க்குத்தான் விற்கும் என்ற அளவுக்கு மார்ச் இறுதியில் சந்தை இறங்கியிருந்தால், அடக்க விலை, விற்றுக் கிடைக்கும் விலை இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். அப்போது இரண்டு முறையிலும் இருப்பு 76,000.