91 நாளுக்கு 32, ஒரு வருசத்துக்கு 29: தலைகீழ் யீல்ட் கேர்வைப் பாத்து ஆக்கள் விடுற பிழையள்

2022 டிசம்பர் கடைசியில நெல்லியடியில இருக்கிற எங்கட சித்தப்பா பத்து லட்சம் ரூபாய, அரசாங்கம் குறுங்காலத்துக்குக் கடன் வாங்கிற திறைசேரி உண்டியல்ல போட வெளிக்கிட்டவர். அப்ப 91 நாள் உண்டியலுக்கு 32.6 வீதமளவு, 364 நாளுக்கு 29.3 வீதமளவு. "தம்பி, மூண்டு மாசத்துக்கே 32 தாறாங்கள், ஒரு வருசம் காசைக் கட்டிப்போட்டா 29 தானாம், ஆர் விசரன் அதைப் போடுவான்?" எண்டு கேட்டவர். எனக்கும் அப்ப அது சரியாத்தான் பட்டது, 91 நாளிலயே போட்டவர்.

எவ்வளவு காலத்துக்கு எவ்வளவு வட்டி எண்டு கீறிப் பாக்கிற கோடுதான் யீல்ட் கேர்வ். வழமையில காசை நீண்ட காலத்துக்குக் குடுத்தா கூட வட்டி கேப்பினம், அதால கேர்வ் இடமிருந்து வலம் மேல ஏறும். குறுங்காலமும் நெடுங்காலமும் கிட்டத்தட்ட ஒண்டா வந்தா தட்டை. குறுங்காலம் மேல போய் நெடுங்காலம் கீழ வந்தா அதுதான் இன்வேர்ஷன், அண்டைக்கு எங்கட நாட்டில கிடந்த மாதிரி.

முதல் பிழை சித்தப்பா விட்டதுதான், 32ஐயும் 29ஐயும் பக்கத்தில வைச்சுப் பெரிய இலக்கத்தை எடுக்கிறது. அந்த 32 மூண்டு மாசத்துக்குத்தான் நிச்சயம், பிறகு என்ன வட்டி கிடைக்கும் எண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்ல. பொண்ட் டிரேடர் இதை வேற மாதிரிப் பாப்பார். ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போடுவம். 364 நாளில போட்டா முடிவில வட்டி 29,200 ரூபாயளவு. 91 நாளில போட்டா முதல் தவணைக்கு 8,100 அளவு வரும், அதோட சேர்த்து இன்னும் மூண்டு தரம் திருப்பிப் போட்டு அதே 29,200ஐப் பிடிக்கோணுமெண்டா, மிச்ச மூண்டு தவணைக்கும் சராசரியா 24.5 வீதமளவு கிடைக்கோணும். அந்த 24.5தான் கேர்வுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிற வட்டி, ஃபோர்வேர்ட் ரேட் எண்டு சொல்லுவினம். அப்ப கேள்வி 32ஆ 29ஆ எண்டது இல்ல, வாற ஒன்பது மாசமும் 91 நாள் வட்டி சராசரியா 24.5க்கு மேல நிக்குமா எண்டதுதான்.

நிக்கேல்ல. 2023 மார்ச் கடைசியில 26 அளவுக்கு வந்திட்டுது, ஜூன்ல மத்திய வங்கி, வங்கியளுக்குத் தான் வைக்கிற கொள்கை வட்டிய ஒரேயடியா 2.5 வீதம் குறைச்சது, சித்தப்பான்ர கடைசித் தவணை 20 வீதத்தைக் கூடத் தொடேல்ல. 364 நாளில போட்டிருந்தா வந்திருக்கிறதை விட பத்து லட்சத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல குறைவு.

ஆனா ஃபோர்வேர்ட் ரேட்டை அப்பிடியே ஆரூடமா எடுக்கிறதும் பிழைதான். அப்ப கொள்கை வட்டி 15.5, உண்டியல் வட்டி 32, அந்த இடைவெளிய எதிர்பார்ப்பு எண்டு மட்டும் சொல்லேலாது. அரசாங்கத்துக்கு அவசரமாக் காசு தேவைப்பட்டது, உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைப்பினமோ எண்ட பயமும் இருந்தது, அந்தப் பயத்துக்கான கூலியும் அந்த 32க்குள்ள கிடந்தது. அதால டிரேடர் ரெண்டு விசயத்தைப் பிரிச்சுப் பாப்பார்: மத்திய வங்கி எவ்வளவு குறைக்கும், பயம் விலகினா எவ்வளவு இறங்கும். மறுசீரமைப்புத் திட்டம் ஜூன் கடைசியில வந்து, ஆக்கள் கையில வைச்சிருந்த உண்டியலுகள் அதுக்குள்ள இல்லை எண்டு தெரிஞ்ச பிறகு வட்டி இன்னும் இறங்கினதுக்குக் காரணம் அதுதான்.

அடுத்த பிழை, இன்வேர்ஷன் எண்டா பொருளாதார மந்தம் வரப்போகுது எண்டு அமெரிக்கப் பாடத்தை அப்பிடியே இஞ்ச ஒட்டுறது. எங்கட நாட்டில 2022லயே பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல சுருங்கிட்டுது, செப்டெம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது, அப்ப கேர்வ் எந்த மந்தத்தை முன்கூட்டிச் சொல்லுறது? பணவீக்கம் விழும், வட்டியும் அதோட இறங்கும் எண்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில கூட அது மணிக்கூடு இல்லை. அங்க 2 வருச வட்டி 10 வருச வட்டிக்கு மேல 2022 ஜூலையில போய் 2024 செப்டெம்பர் மட்டும் நிண்டது, அந்தக் காலத்தில மந்தம் எண்டு அறிவிக்கேல்ல. 2006இல தலைகீழானதுக்கு மந்தம் 2007 டிசம்பர்லதான் தொடங்கினது.

கேர்வ் திரும்ப நிமிர்ந்தா ஆபத்துப் போட்டுது எண்டும் கனபேர் நினைக்கினம். எந்தப் பக்கம் அசைஞ்சது எண்டு பாக்கோணும். குறுங்கால வட்டி விழுந்து நிமிர்ந்தா மத்திய வங்கி குறைக்கத் தொடங்குது எண்டு அர்த்தம், அமெரிக்காவில 2007இல அப்பிடித்தான் நிமிர்ந்தது, மந்தமும் அதுக்குப் பின்னாலதான் வந்தது. நெடுங்கால வட்டி ஏறி நிமிர்ந்தா கதை வேற, பணவீக்கப் பயமோ அரசு கூடக் கடன் எடுக்கிறதோ காரணமா இருக்கலாம், அந்த நேரம் நீண்ட கால முறி வைச்சிருக்கிறவைக்குத்தான் விலை விழுந்து அடி.

இப்ப சித்தப்பா புதன்கிழமை உண்டியல் ஏல முடிவு வந்தா முதல்ல கேக்கிறது, "திருப்பிப் போடேக்க எவ்வளவு கிடைக்கோணும், கணக்குப் பாத்தியே?" எண்டுதான்.