புகைபிடிப்பவரின் மூச்சுச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் மூச்சுச் சோதனை எடுப்பது என் வேலை. சாட்ஸ்வர்த், மெரிபேங்க் பக்கத்திலிருந்து வரும் நம் பெரியவர்கள் பலர் என் முன்னால் உட்கார்ந்து குழாயில் ஊதியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் புதியவர்கள் ஆண்டுதோறும் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். மூக்குக் கிளிப்பை மறப்பது, உதட்டோரம் காற்றுக் கசிவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊதுவதைப் பாதியில் நிறுத்துவது

இதுதான் இன்னும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு.

அறிக்கைத் தாளில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஆழமாக மூச்சிழுத்து வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு FEV1. கடைசிவரை ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று FVC. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம், பம்பு மருந்து கொடுத்த பிறகும் 0.70க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய்களில் நிலையான அடைப்பு இருக்கிறது என்று பொருள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை உறுதிசெய்யும் எண் அதுவே.

நுரையீரல் நல்ல நிலையில் இருப்பவர் சில விநாடிகளிலேயே ஊதி முடித்துவிடுவார். நெடுங்காலம் புகைத்தவரால் அது முடியாது. காரணம் அவருடைய இளமையிலேயே தொடங்குகிறது. புகை பட்டதும் மூச்சுக்குழாயின் உட்சுவர் எரிச்சலடைகிறது. சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகள் குட்டையாகி, வேகமிழக்கின்றன. சளிச் சுரப்பிகள் வீங்குகின்றன. காலை இருமல் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பெரிய சேதம் இருமலே இல்லாத இடத்தில் நடக்கிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள சிறு குழாய்கள் ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக இருப்பதால், பல அடைபட்டாலும் மற்றவை வழியாகக் காற்று போய்விடுகிறது. அந்த ஆண்டுகளில் மூச்சு வாங்காது, சோதனையிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது.

புகையை எதிர்க்க வந்து குவியும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை வெளியிடுகின்றன. அது நுரையீரலின் மீள்நார்களை அரிக்கிறது. காற்றறைச் சுவர்கள் உடைந்து, பல சிற்றறைகள் சேர்ந்து ஒரு பெரிய தொளதொளத்த பையாகிவிடுகின்றன. அந்தச் சுவர்கள்தாம் பந்தலைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகள்போல் சிறு குழாய்களைத் திறந்து வைத்திருந்தன. அவை அறுந்த பிறகு, பலமாக ஊதும்போது குழாய்கள் மடங்கி மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளே சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். பத்துப் பன்னிரண்டு விநாடிகள் ஆனாலும் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது தவறு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது விநாடியில் பெரியவர் திணறுகிறார். பயிற்சிக்கு வந்தவர் பரிதாபப்பட்டு, “போதும் தாத்தா” என்கிறார். கடைசியில் வரவேண்டிய காற்று கணக்கில் ஏறுவதில்லை. FVC குறைவாகப் பதிவாகிறது. வகுக்கும் எண் சிறுத்ததால் விகிதம் உயர்ந்துவிடுகிறது. நோய் தாளில் மறைந்துபோகிறது. நோய் முற்ற முற்றக் கடைசிக் காற்று வர நேரமாகும் என்பதால், யாருக்குச் சோதனை மிகவும் தேவையோ அவரிடம்தான் இந்தப் பிழை அதிகம்.

செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், 61 வயது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். பதினேழு வயதில் தொடங்கிய பழக்கம், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பெட்டி. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் எடுத்த தாளைக் கையில் வைத்திருந்தார். FEV1 1.98 லிட்டர், FVC 2.75 லிட்டர், விகிதம் 0.72. “அடைப்பு இல்லை” என்று எழுதியிருந்தது. இரண்டு அளவுகளுமே குறைந்திருந்ததால் பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பும் இருந்தது. வரைபடத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்தது. நேரத்துக்கு எதிரான கோடு சமதளமாகப் படுக்கவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விநாடியில் முடிந்துவிட்டது. வேகத்தைக் காட்டும் வளைவும் குழிந்து நீண்ட வாலாக இறங்காமல், செங்குத்தாக வெட்டி விழுந்திருந்தது.

என்னிடமும் அவர் முதலில் மூன்று விநாடியில்தான் நிறுத்தினார்: 1.74, 2.42. விகிதம் மறுபடி 0.72! இளைப்பாறவிட்டு, “ஐயா, காற்று தீர்ந்துவிட்டது என்று தோன்றினாலும் ஊதிக்கொண்டே இருங்கள், தலை சுற்றினால் மட்டும் விட்டுவிடுங்கள்” என்றேன். அடுத்த முறை பன்னிரண்டு விநாடி ஊதினார். FEV1 அதே 1.74, FVC 3.05. விகிதம் 0.57. சால்புட்டமால் என்ற பம்பு மருந்தைக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்தும் 0.58தான்.

நான்கு ஆண்டுகளில் FEV1-இல் 240 மில்லிலிட்டர் போயிருக்கிறது, ஆண்டுக்கு 60. புகைக்காதவருக்கும் வயதாக ஆக ஆண்டுக்கு 25 முதல் 30 வரை குறையும். புகையின் சேதம் எளிதில் ஏறும் நுரையீரலில் அது இரட்டிப்பாகும். எல்லாப் புகைப்பழக்கக்காரர்களுக்கும் அப்படி ஆவதில்லை. “என் மாமா எண்பது வயதுவரை புகைத்தார்” என்ற வாதம் அங்கிருந்துதான் பிறக்கிறது. இவருக்கு 25 வயதில் 3.8 லிட்டர் இருந்தது என்று வைத்துக்கொண்டால், புகைக்காமல் இருந்திருந்தால் இன்று 2.8க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். புகையை விட்டாலும் இழந்தது திரும்பாது. ஆனால் இழக்கும் வேகம் புகைக்காதவரின் வேகத்தை நெருங்கிவிடும். அந்த நான்கு ஆண்டுகளும் அவர் புகைத்துக்கொண்டே இருந்தார். ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு அந்தப் பழைய தாளைத்தான் காட்டினார்.

எனவே கோடு படுக்கும்வரை ஊதவிடுங்கள். கடைசி ஒரு விநாடியில் 25 மில்லிலிட்டருக்கும் குறைவாகக் காற்று வந்தால் முடிந்தது. இல்லாவிட்டால் பதினைந்து விநாடி வரை போகலாம். நோயாளியாக வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். எத்தனை விநாடி ஊதினீர்கள் என்பது பெரும்பாலும் தாளிலேயே அச்சாகியிருக்கும், பாருங்கள்.

எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று நிம்மதியடைவது

எக்ஸ்ரே புற்றுநோயையும் காசநோயையும் தேட உதவும். காற்று வெளியேறும் வேகத்தை அது காட்டாது.

காசநோய் இல்லை என்றதும் கோப்பை மூடிவிடுவது

தென்னாப்பிரிக்காவில் நீண்ட நாள் இருமல் என்றால் முதலில் சளியைச் சோதிப்பார்கள். சரியான வழிதான். ஆனால் காசநோய் இல்லை என்று முடிவு வந்ததும் குடும்பமே நிம்மதியடைந்து, இருமலை மறந்துவிடுகிறது. முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அந்த நோயே குழாய்களில் நிரந்தர அடைப்பை விட்டுச் செல்லக்கூடும். அதன்மேல் புகையும் சேர்ந்தால் எது எவ்வளவு கெடுத்தது என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்டவரிடம் மூச்சுச் சோதனையைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

பீக் ஃப்ளோ கருவி போதும் என்பது

போதாது. ஊதும் காற்றின் உச்ச வேகத்தை மட்டுமே அது அளக்கும். அதில் நல்ல எண் வந்தாலும் இந்த நோய் இருக்கலாம்.

“பாதியாகக் குறைத்துவிட்டேன்” என்பதை ஏற்றுக்கொள்வது

குறைத்தவர் ஒவ்வொரு சிகரெட்டையும் இன்னும் ஆழமாக இழுத்து, நிக்கோட்டினை ஈடுகட்டிக்கொள்கிறார்.

ஹூக்கா

தண்ணீர் புகையைக் குளிரவைக்கும். கழுவாது.

ஓராண்டு எண்ணை வைத்து முடிவு கட்டுவது

அந்தப் பெரியவர் புகையை விட்டு ஓராண்டு கழித்து வந்தபோது FEV1 1.81 லிட்டர். மகள், “அப்பாவுக்கு நுரையீரல் வளர்ந்துவிட்டது” என்று மகிழ்ந்தார். ஒரே நாளில் ஒருவர் நன்றாக ஊதிய இரண்டு முயற்சிகளுக்கிடையிலேயே 150 மில்லிலிட்டர் வரை வேறுபடுவதை நாங்கள் ஏற்கிறோம். ஓராண்டு இடைவெளியில் 70 என்பது ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. அடுத்த சில ஆண்டுகளின் தாள்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் சரிவு தணிந்ததா என்று சொல்ல முடியும். பழைய தாள்களை எறியாமல் ஒரே உறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.