துணி லேபிளில் உள்ள சதவீதத்தைப் படிப்பது எப்படி? சேலம் வெயிலுக்கும் ஏற்காடு குளிருக்கும்

சேலத்தில் துணி எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மதியம் ஐந்து ரோட்டில் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அன்று மாலையே 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் இறங்கினால் பனிமூட்டத்தில் பல் தந்தியடிக்கும். எந்தத் துணி எந்த ஊருக்கு என்பதைக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். லேபிளில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்

கழுத்தில் தொங்கும் அட்டையை விட்டுவிடுங்கள். 'வுல்லன்', 'காட்டன் ஃபீல்' என்று அதில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். பெரும்பாலும் இடது பக்கத் தையலை ஒட்டி, உள்பக்கமாகக் கீழே ஒரு சின்ன லேபிள் தைத்திருப்பார்கள். இழையின் பெயரும் சதவீதமும் அதில்தான் இருக்கும். கூட்டினால் 100 வர வேண்டும். ஜாக்கெட்டாக இருந்தால் வெளித்துணிக்கு ஒரு கணக்கு, உள் லைனிங்குக்கு இன்னொரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ் இரண்டும் ஒரே இழைதான். லைக்ரா என்பது அதன் ஒரு பிராண்ட் பெயர்.

படி 2: சதவீதத்தை எடையாக மாற்றுங்கள்

லேபிள் சொல்வது எடைக் கணக்கு. காட்டன்-பாலியெஸ்டர் கலப்பைச் சோதிக்கும் ஒரு முறையைப் பார்த்தால் இது புரியும். துணியை 75 சதவீதக் கந்தக அமிலத்தில் போட்டால் காட்டன் கரைந்துவிடும், பாலியெஸ்டர் மிஞ்சும். மிஞ்சியதைக் கழுவி உலர்த்தி எடை போட்டால் பாலியெஸ்டரின் பங்கு வந்துவிடும்.

இப்போது இரண்டு உடைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 98 காட்டன், 2 எலாஸ்டேன் போட்ட ஜீன்ஸ். எடை 600 கிராம் என்றால் அதில் எலாஸ்டேன் 12 கிராம்தான். இன்னொன்று, 10 சதவீதம் வுல் இருக்கும் 400 கிராம் ஸ்வெட்டர். அதில் வுல் 40 கிராம். ஆனால் அந்த 12 கிராம் ஜீன்ஸின் குணத்தையே மாற்றிவிடுகிறது. இந்த 40 கிராமால் ஸ்வெட்டரில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

காரணம், இழைகள் துணிக்குள் இருக்கும் விதம். ஜீன்ஸில் எலாஸ்டேன் ஒரு நீள இழையாக, துணியின் குறுக்கே போகும் ஊடை நூலின் நடுவில் ஓடும். காட்டன் அதைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். நூல் முழுக்க ஓடுவதால் கொஞ்சம் இருந்தாலே மொத்தத் துணியும் நீண்டு சுருங்கும். அம்மாபேட்டைத் தறி வீடுகளில் பாவு, ஊடை பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: எலாஸ்டேன் ஊடையில் மட்டும் இருந்தால் ஜீன்ஸ் அகலவாக்கில்தான் இழுபடும், நீளவாக்கில் இழுபடாது. கடையில் தொடைப் பக்கத்தை இழுத்துப் பாருங்கள், தெரியும். வுல் அப்படியில்லை. குட்டை இழையாக மற்ற இழைகளோடு கலந்து கிடக்கும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வேலை செய்யும்.

எனவே எலாஸ்டேனுக்கு 2 முதல் 5 வரை என்ற சின்ன எண்ணே ஜீன்ஸுக்கும் டீ-ஷர்ட்டுக்கும் போதும். காட்டன், பாலியெஸ்டர், வுல் மூன்றுக்கும் எண் பெரிதாக இருந்தால்தான் அந்த இழையின் குணம் உடம்புக்குத் தெரியும்.

படி 3: ஈரத்தைக் கணக்குப் போடுங்கள்

சாதாரணக் காற்றில் 100 கிராம் காட்டன் சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. வுல் காட்டனைவிட அதிகம் வாங்கும்.

65 பாலியெஸ்டர், 35 காட்டன் சட்டையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். காட்டன் பங்குக்கு ஏறக்குறைய 3 கிராம், பாலியெஸ்டர் பங்குக்குக் கால் கிராம். மொத்தம் 3 சொச்சம். அதே சட்டை 60 காட்டன், 40 பாலியெஸ்டராக இருந்தால் 5 கிராம். மே மாத சேலத்துக்கு நான் காட்டன் 60-க்குக் கீழே போகமாட்டேன். தினமும் துவைத்துப் போடும் பள்ளிச் சீருடையில் பாலியெஸ்டர் அதிகமாக இருப்பதிலும் நியாயம் உண்டு: சுருங்காது, சீக்கிரம் காயும், சீக்கிரம் கிழியாது. கூடவே ஒரு தொல்லையும் வரும். உரசும் இடத்தில் இழைகள் சுருண்டு குட்டி உருண்டைகளாகும். சுத்தக் காட்டனில் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் உறுதியான இழை என்பதால் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். காலரிலும் அக்குளிலும் முதலில் தெரியும்.

ஏற்காட்டில் கணக்கு தலைகீழ். அங்கே 100 சதவீதக் காட்டன் ஹூடி நல்ல தேர்வு இல்லை. பனியில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும், காயவும் நேரமாகும். பாலியெஸ்டர் ஃப்ளீஸ் சீக்கிரம் காயும். வுல் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது, கதகதப்பும் போகாது.

இதில் ஒரு எல்லை உண்டு. சதவீதம் துணியின் தடிமனையும் நெசவையும் சொல்லாது. தடித்த 100 காட்டன் சட்டையைவிட மெல்லிய 60-40 சட்டை வெயிலில் சுகமாக இருக்கலாம். லேபிளைப் படித்த பிறகு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பாருங்கள்.

படி 4: 'வுல்லன்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

ஸ்வெட்டர் கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்.

"இது வுல்லுங்களாண்ணா?"

"சுத்த வுல்லன்தாங்க்கா. ஏற்காட்டுக்கே இதுதான் வாங்கிட்டுப் போறாங்க."

உள்ளே திருப்பினால் 80 அக்ரிலிக், 20 வுல் என்று இருக்கும். அக்ரிலிக் பார்க்க வுல் மாதிரியே இருக்கும் செயற்கை இழை. அது மோசமான துணி என்று சொல்லவில்லை; லேசானது, துவைக்க எளிது, விலையும் குறைவு. அக்ரிலிக்குக்கு உரிய விலையில் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். வுல் விலை சொன்னால் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். உள்தையல் ஓரத்தில் பிசிறாக நிற்கும் துணியின் நூலை எடுக்க வேண்டும். தையல் நூலை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும், தப்பான பதில் வரும். இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு வைத்து, பக்கத்தில் தண்ணீரோடு செய்யுங்கள். வுல் முடி கருகும் வாடை அடிக்கும், நெருப்பை எடுத்தால் அணையும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிக் கரும்புகையோடு எரிந்து கெட்டி உருண்டையாக நிற்கும். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். முடி வாடையும் வந்து உருண்டையும் மிஞ்சினால் அது கலப்பு. 20-ஆ 40-ஆ என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

படி 5: துவைக்கும் முறையைச் சின்ன எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

98 காட்டன் இருக்கிறதே என்று கொதிநீரும் குளோரின் பிளீச்சும் போட்டால், அந்த 2 சதவீத எலாஸ்டேன்தான் முதலில் சாகும். அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டாலும் அப்படித்தான். வுல் கலந்திருந்தாலும் குளோரின் பிளீச் கூடவே கூடாது. எலாஸ்டேன் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க, முட்டிப் பகுதியை இழுத்து விடுங்கள். துணி பழைய இடத்துக்குத் திரும்பாமல் தொளதொளவென்று அலையாக நிற்கும். சில சமயம் தொடைப் பக்கத்தில் மெல்லிய வெள்ளை நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை அறுந்த எலாஸ்டேன் இழைகள். அதற்கு மேல் எப்படித் துவைத்தாலும் இழுவை திரும்ப வராது.